எந்தத் தடுப்பூசிக்குப் பணம் கட்டலாம்?

குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆனதும் தனியார் கிளினிக்குக்குப் போகும் பெற்றோர் பலர், கையில் ஓர் அச்சிட்ட அட்டவணையோடு திரும்பி வருகிறார்கள். மேல் பாதியில் பி.சி.ஜி., போலியோ, பென்டாவேலன்ட் என்று கேட்டுப் பழகிய பெயர்கள் இருக்கும். கீழ்ப் பாதியில் நிமோகாக்கல், ரோட்டா, ஃப்ளூ, டைஃபாய்டு என்ற பெயர்களும், பக்கத்தில் பேனாவால் எழுதிய தொகைகளும் இருக்கும். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் மொத்தம் இருபதாயிரத்தைத் தாண்டும். அதன்பிறகு வீட்டில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்: போடாவிட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒருவர் பயப்படுவார், அரசாங்கம் போடாததை நாம் ஏன் போட வேண்டும் என்று இன்னொருவர் கேட்பார்.

இரண்டு பேச்சிலும் ஒரு பிழை இருக்கிறது. அந்தக் கீழ்ப் பாதியில் உள்ள நான்கில் இரண்டை அரசாங்கம் ஏற்கெனவே இலவசமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது. ரோட்டா சொட்டு மருந்து தமிழ்நாட்டு அரசு மையங்களுக்கு 2017-இல் வந்தது. பி.சி.வி. எனப்படும் நிமோகாக்கல் தடுப்பூசி 2021-இல் வந்தது. அதற்கு முன்பு இந்த இரண்டும் வசதியுள்ளவர் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமே கிடைத்தன. அந்தக் காலத்து அட்டவணைகளும் பேச்சும் பல இடங்களில் இன்னும் மாறவில்லை.

ஆகவே பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது இந்த நான்கையும் ஒரே மூட்டையாகப் பார்ப்பதை நிறுத்துவதுதான். 'விருப்பம்' என்ற தலைப்பின் கீழ் ஒரு தடுப்பூசி வருவது, தேசிய அட்டவணையில் அது இல்லை என்பதையோ, கிளினிக்கின் பழைய அச்சில் அப்படி இருக்கிறது என்பதையோ மட்டுமே காட்டும். அந்த நோய் உங்கள் குழந்தைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு, தடுப்பூசி அதில் எவ்வளவைத் தடுக்கும் என்பதை அந்தத் தலைப்பு சொல்லாது. அவற்றைத் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். திருப்பூரில் லைன் வீடு ஒன்றில் குடியிருக்கிறார்கள். கணவன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவியும் தையலுக்குப் போனவர்தான். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனதும் திரும்பவும் வேலைக்குப் போகும் எண்ணம். கூட மாமியார் இருக்கிறார், அவருக்குச் சர்க்கரையும் ஆஸ்துமாவும் உண்டு. பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தண்ணீர் சில நாள் குழாயில் வரும், சில நாள் லாரியில் வரும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் சாப்பாடு.

கிளினிக்கில் எழுதிக் கொடுத்த தொகைகளை இப்படி வைத்துக்கொள்வோம். நிமோகாக்கல் ஒரு தவணை 3,800 ரூபாய், பூஸ்டரோடு சேர்த்து நான்கு தவணைக்கு 15,200. ரோட்டா ஒரு தவணை 800 வீதம் மூன்றுக்கு 2,400. ஃப்ளூ முதல் வருடம் இரண்டு தவணை, 1,800 வீதம் 3,600. டைஃபாய்டு ஒரே ஊசி, 2,000. ஆக மொத்தம் 23,200 ரூபாய். விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஊருக்கு ஊர் மாறும். ஆனால் செலவின் பெரும்பகுதி நிமோகாக்கலில்தான் இருக்கிறது என்பது எங்கும் மாறாது.

அந்த அம்மா அட்டவணையை நீட்டிக் கேட்கிறார்: "சார், இதெல்லாம் கட்டாயம் போட்டே ஆகணுங்களா?"

நல்ல மருத்துவர் என்றால் இங்கே பேனாவை எடுத்து இரண்டு வரிகளை வட்டமிடுவார். "இந்த ரெண்டும் போட்டே ஆகணும்மா. ஆனா இங்க காசு குடுத்துப் போட வேண்டியதில்லை. உங்க ஏரியா பி.எச்.சி.யில புதன்கிழமை போடறாங்க. அட்டைய எடுத்துட்டுப் போங்க. மத்த ரெண்டையும் உக்காந்து பேசலாம்."

வட்டமிட்ட இரண்டில் முதலில் நிமோகாக்கல். நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா நிறையப் பேரின் மூக்கிலும் தொண்டையிலும் தொந்தரவின்றிக் குடியிருப்பது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நுரையீரலிலோ ரத்தத்திலோ மூளை உறையிலோ அது புகுந்துவிட்டால்தான் ஆபத்து. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எல்லா வகைக்கும் தடுப்பூசி செய்ய முடியாது என்பதால், கடும் நோயை அதிகம் உண்டாக்கும் வகைகளைப் பொறுக்கி எடுத்துச் செய்கிறார்கள். பெயருக்குப் பின்னால் வரும் 10, 13, 14 என்ற எண்கள் அந்த வகைகளின் எண்ணிக்கைதான்.

இங்கேதான் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள். "அரசாங்க ஊசியில் பத்து வகைதான், எங்களிடம் இருப்பதில் பதின்மூன்று" என்று சொன்னால், மூன்று குறைகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த மூன்று எவை என்று பார்த்தால் படம் மாறும். புனேயில் உள்ள சீரம் நிறுவனம் தயாரிக்கும் பத்து வகை ஊசி, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குழந்தைகளைத் தாக்கும் வகைகளை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. பதின்மூன்று வகை ஊசியில் கூடுதலாக இருப்பவை 3, 4, 18சி என்ற வகைகள். இவற்றில் 3-ஆம் வகைக்கு எதிராக அந்த ஊசி தரும் பாதுகாப்பு மற்ற வகைகளைவிடக் குறைவு என்பது பல நாடுகளில் கண்டது. ஆக, உண்மையான வித்தியாசம் எண்களில் தெரிவதைவிடச் சிறியது. ஆரோக்கியமான ஒரு குழந்தைக்கு அந்த வித்தியாசத்துக்காக 15,200 ரூபாய் கட்டச் சொல்ல வலுவான காரணம் இல்லை.

இன்னொரு சந்தேகம் தவணை பற்றியது. கிளினிக்கில் 6, 10, 14 வாரங்களில் மூன்றும் பிறகு இரண்டாம் வயதில் ஒரு பூஸ்டரும் போடுகிறார்கள். அரசில் 6, 14 வாரங்களில் இரண்டும் ஒன்பதாவது மாதத்தில் பூஸ்டரும் போடுகிறார்கள். ஒன்று குறைகிறதே என்றால், அரசு பின்பற்றும் இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. அரசு முறையில் உயிர்நாடி அந்த ஒன்பதாவது மாத ஊசி. முதல் இரண்டையும் போட்டுவிட்டு, தட்டம்மை ஊசியோடு வரும் பூஸ்டரை 'காய்ச்சல் வந்திருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடும் வீடுகளில்தான் பாதுகாப்பு பாதியில் நிற்கிறது. லேசான சளிக்காக எந்தத் தடுப்பூசியையும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அப்படியானால் நிமோகாக்கலுக்குக் காசு கட்டவே வேண்டாமா? சிலருக்குக் கட்ட வேண்டும். அரசு மையத்தில் முதல் தவணையைக் குழந்தைக்கு ஒரு வயது முடிவதற்குள் ஆரம்பித்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டவர்களுக்குத் தனியார்தான் வழி. ஆனால் வயது ஏற ஏறத் தேவைப்படும் தவணை குறையும்: ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் ஆரம்பித்தால் இரண்டு தவணை, இரண்டு வயதைத் தாண்டிய ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றே ஒன்று. மண்ணீரல் இல்லாத அல்லது சரியாக இயங்காத குழந்தைகள், சிக்கிள் செல் நோய் உள்ளவர்கள், நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், காதுக்குள் காக்ளியர் கருவி வைத்தவர்கள் ஆகியோருக்குக் கணக்கே வேறு. அவர்களுக்கு வகை கூடுதலாக உள்ள ஊசியும், இரண்டு வயதுக்குப் பிறகு 23 வகை கொண்ட இன்னொரு ஊசியும் தேவைப்படலாம். அங்கே செலவைப் பார்த்துத் தயங்குவது தவறு.

அடுத்தது ரோட்டா. வயிற்றுப்போக்கு வந்த குழந்தை ஒரே நாளில் வதங்கிவிடுவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். தடுப்பு மருந்து வருவதற்கு முந்தைய ஆண்டுகளில், இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 78,000 குழந்தைகள் ஆண்டுதோறும் ரோட்டா வைரஸால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. இந்தியாவிலேயே உருவான ரோட்டாவேக் சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி அதில் பங்கெடுத்தது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் வயதில் அது 56 சதவீதம் குறைத்தது.

56 தானா என்று முகம் சுளிக்கத் தோன்றும். பணக்கார நாடுகளில் இதே நோய்க்கான சொட்டு மருந்துகள் 85 சதவீதத்துக்கு மேல் வேலை செய்கின்றன. ஆனால் அந்த வெளிநாட்டு மருந்துகளையே இந்தியா போன்ற நாடுகளில் கொடுத்தால் அவற்றின் பலனும் கிட்டத்தட்ட இதே அளவுக்கு இறங்கிவிடுகிறது. வாய்வழி மருந்து குடலில்தான் வேலை செய்ய வேண்டும். வேறு கிருமிகளும் சத்துக்குறைவும் சூழ்ந்த குடலில் அது தடுமாறுகிறது. ஆகவே விலை அதிகமான ரோட்டா மருந்தை வாங்கினால் பலன் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தவணை இரண்டா மூன்றா என்பதுதான் பிராண்டுகளுக்கு இடையில் பெற்றோருக்குத் தெரியும் வித்தியாசம். நோய் இவ்வளவு பரவலாக இருக்கும் நாட்டில் பாதிக்கு மேல் தடுப்பதே ஏராளமான ஆஸ்பத்திரி நாட்களை மிச்சப்படுத்தும். அதுவும் இலவசமாக.

ரோட்டாவில் கவனிக்க வேண்டியது பணத்தை அல்ல, வாரத்தை. ஆறாவது வாரத்தில் ஆரம்பித்துவிடுவதே உத்தமம். முதல் தவணை 15 வாரத்துக்குள் விழ வேண்டும் என்று குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் வரம்பு வைத்திருக்கிறது. அரசுத் திட்டம் தாமதமாக வரும் குழந்தைகளும் விடுபடக்கூடாது என்று ஒரு வயது வரை ஆரம்பிக்க அனுமதிக்கிறது. வரம்பு வைத்ததற்குக் காரணம் உண்டு. குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் கோளாறு ஒன்று, எந்த மருந்தும் கொடுக்காத குழந்தைகளுக்கும் நான்கிலிருந்து பத்து மாத வயதில் எப்போதாவது வரும். 1999-இல் அமெரிக்காவில் ரோட்டாவுக்கான முதல் மருந்து இதை அதிகப்படுத்தியது தெரிந்ததும் திரும்பப் பெறப்பட்டது. இன்றுள்ள மருந்துகளில் அந்த அபாயம் மிகச் சிறியது: சில நாடுகளில் லட்சத்தில் ஒன்றிலிருந்து ஆறு வரை கூடுதலாகக் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். சொட்டு மருந்து கொடுத்த ஒரு வாரத்துக்குள் குழந்தை காலை மடக்கிக்கொண்டு விட்டு விட்டு வீறிட்டு அழுதால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து போனால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. அன்றைக்கே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது திருப்பூர்க் குடும்பத்தின் சீட்டில் 17,600 ரூபாய் கழிந்துவிட்டது. மிச்சம் 5,600. பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

டைஃபாய்டிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. 2017 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் நான்கு இடங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வாராவாரம் விசாரித்து, காய்ச்சல் நீடித்தால் ரத்தக் கல்ச்சர் செய்து, டைஃபாய்டு எத்தனை பேருக்கு வருகிறது என்று எண்ணினார்கள். வேலூர், டெல்லி, கொல்கத்தா ஆகிய நகரப் பகுதிகளில் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576-இலிருந்து 1,173 வரை டைஃபாய்டு வந்தது. புனே அருகே கிராமப் பகுதியில் அது 35 மட்டுமே. ஒரே நாட்டில், ஒரே ஆண்டுகளில், முப்பது மடங்கு வரை வித்தியாசம். இரண்டு இடத்திலும் ஊசியின் விலை ஒன்றுதான்.

இதைக் கொண்டு ஒரு மனக்கணக்குப் போடலாம். நெரிசலான நகரப் பகுதியில் நூறு குழந்தைகளுக்குத் தலா 2,000 ரூபாயில் ஊசி போட்டால் மொத்தச் செலவு இரண்டு லட்சம். ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் என்று வைத்தால், நான்கு ஆண்டுகளில் நான்கு பேருக்கு டைஃபாய்டு வந்திருக்கும். கான்ஜுகேட் வகை டைஃபாய்டு ஊசி நேபாளத்திலும் மலாவியிலும் நடந்த சோதனைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் தடுத்தது. ஆக நால்வரில் மூன்று பேர் தப்பிப்பார்கள். ஒரு டைஃபாய்டைத் தவிர்க்கச் சுமார் 62,000 ரூபாய் ஆகிறது. அதே கணக்கைப் புனே கிராமத்து எண்ணுக்குப் போட்டால், ஒரு டைஃபாய்டைத் தவிர்க்கப் பதினேழு, பதினெட்டு லட்சம் ஆகும்.

இது ஊராருக்கான கணக்கு. ஒரு குடும்பம் இதை எப்படிப் படிக்க வேண்டும்? நகரத்தில் குழந்தைக்கு நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கு நான்கு என்ற ஆபத்து 2,000 ரூபாயில் நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது. டைஃபாய்டு வந்தால் பத்து, பதினான்கு நாள் ஆன்டிபயாட்டிக், கூடவே பெற்றோரில் ஒருவருக்கு அத்தனை நாள் கூலி போகும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் குடல் ஓட்டை விழும் அபாயம் சிறிதானாலும் உண்டு. பழைய மாத்திரைகள் பலவற்றுக்கு இந்தக் கிருமி இப்போது கட்டுப்படுவதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் ஏறக்குறைய எல்லா வழக்கமான மருந்துகளுக்கும் அடங்காத டைஃபாய்டு பரவியதால்தான், அந்த நாடு 2019-இல் இந்த ஊசியை அங்கே வழக்கமான அட்டவணையில் சேர்த்தது. இந்தியாவில் தேசிய நிபுணர் குழு 2022-இல் இதைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. ஆனால் தேசிய அட்டவணையில் இது இன்னும் இடம்பெறவில்லை.

லாரித் தண்ணீரும் ஓட்டல் சாப்பாடும் உள்ள அந்தத் திருப்பூர் வீட்டுக்கு, நான்கு ஊசிகளில் காசு கட்டிப் போடத் தகுந்தது எது என்று கேட்டால் பதில் டைஃபாய்டுதான். சொந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்து, வெளியில் சாப்பிடாத கிராமத்து வீட்டுக்கு இதே அவசரம் இல்லை. ஆனால் அந்தக் குழந்தையும் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும், வாசலில் ஐஸ் வாங்கித் தின்னும். அப்போது கணக்கு மாறும்.

மருத்துவரிடம் இங்கே மூன்று விஷயம் பேச வேண்டும். ஒன்று, போடப்போவது கான்ஜுகேட் வகையா என்பது. பழைய பாலிசாக்கரைடு வகை இரண்டு வயதுக்குக் கீழே வேலை செய்யாது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். கான்ஜுகேட் வகை ஆறு மாதத்திலிருந்தே ஒரே ஊசி. இரண்டாவது, எப்போது போடுவது என்பது. மலாவியில் நான்கு ஆண்டுக்கு மேலும் பாதுகாப்பு நன்றாக நின்றது. பங்களாதேஷில் இரண்டு வயதுக்குள் போட்டுக்கொண்ட குழந்தைகளுக்குச் சில ஆண்டுகளில் அது தேய்ந்தது. ஒரே ஒருமுறைதான் காசு செலவழிக்க முடியும் என்ற நிலையில் உள்ள குடும்பம், ஒன்பது மாதத்திலா, கொஞ்சம் தள்ளியா, பள்ளியில் சேரும்போது இன்னொன்று தேவைப்படுமா என்று வெளிப்படையாகக் கேட்கலாம். மூன்றாவது, இந்த ஊசி பாராடைஃபாய்டைத் தடுக்காது என்பதைத் தெரிந்துகொள்வது.

'ஊசி போட்டும் டைஃபாய்டு வந்துவிட்டது' என்ற புகாரில் பாதி, பரிசோதனையின் குழப்பம். லேபில் ஒருமுறை எடுக்கும் வைடால் சோதனை வேறு காய்ச்சல்களிலும் பாசிட்டிவ் காட்டும். ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கும் முன்பே ரத்தக் கல்ச்சர் எடுப்பதுதான் நம்பத்தகுந்த வழி. அதைக் கேட்டு வாங்குவது பெற்றோரின் உரிமை.

நான்காவது ஃப்ளூ. இது மற்ற மூன்றைப் போன்றதல்ல, ஏனென்றால் இதற்கு முடிவே இல்லை. முதல் வருடம் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, வட அரைக்கோளத்துக்கும் தென் அரைக்கோளத்துக்கும் தனித்தனியாக, ஊசியின் கலவையை மாற்றி அறிவிக்கிறது. கணிப்பு பொருந்திய ஆண்டில்கூடப் பாதுகாப்பு 40-இலிருந்து 60 சதவீதம்தான். குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கிறது. அந்தப் பரிந்துரைக்கு நியாயம் இருக்கிறது: இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் ஃப்ளூவால் ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு பெரிய குழந்தைகளைவிட அதிகம். ஆனால் காசு குறைவாக இருக்கும் வீட்டில் முதல் கேள்வி, வீட்டில் யாருக்கு ஃப்ளூ வந்தால் நிலைமை மோசமாகும் என்பதாக இருக்க வேண்டும்.

திருப்பூர் வீட்டில் அதற்கு இரண்டு பதில் உண்டு. குழந்தை ஒருத்தி, சர்க்கரையும் ஆஸ்துமாவும் உள்ள பாட்டி இன்னொருத்தி. குழந்தைகள் நல மருத்துவர் எழுதும் சீட்டில் பாட்டியின் பெயர் வராது. வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும்: "சார், மாமியாருக்கு வீசிங் இருக்குதுங்க. அவங்களுக்கும் போடணுங்களா?" போட வேண்டும். எட்டு வயது ஆரோக்கியமான அண்ணன் ஒருவன் அந்த வீட்டில் இருந்தால், அவனுக்குச் செலவழிப்பதைவிடப் பாட்டிக்குச் செலவழிப்பதில் பலன் அதிகம். அதேபோல் கர்ப்பிணி ஒருவர் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டால், பிறக்கும் குழந்தைக்கு ஊசி போட முடியாத முதல் ஆறு மாதத்துக்கும் அந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு போய்ச் சேரும்.

நேரம் தப்பினால் ஃப்ளூ ஊசியின் காசு வீண். வட இந்தியாவில் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரையுள்ள மழையில் ஃப்ளூ ஏறும். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் ஏறும். ஆகவே ஜனவரியில் போய் ஊசி போடுவது நம் ஊருக்குப் பொருந்தாது. பிப்ரவரியில் பிறந்த அந்தக் குழந்தைக்கு ஆகஸ்டில் ஆறு மாதம் முடியும். ஆகஸ்ட் கடைசியில் முதல் ஊசி, செப்டம்பர் கடைசியில் இரண்டாவது என்றால், மழை தொடங்கும்போது உடம்பு தயாராக இருக்கும். போடும் முன்பு பெட்டியில் எந்தப் பருவத்துக்கான கலவை, காலாவதி எப்போது என்று பார்க்க வேண்டும். போன பருவத்து மீதி இருப்பை வாங்கிக்கொள்ளக் கூடாது. இன்னொன்று: நான்கு வகை ஊசிக்காக மூன்று வகையைவிட அதிகம் கொடுக்க இப்போது அவசியம் இல்லை. அந்த நான்காவது வகையான பி யமகட்டா வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதை ஊசியிலிருந்து எடுத்துவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

இனி மருத்துவரோடு பேசும் விதம் பற்றி. தடுப்பூசிப் பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் கிளினிக் வாங்கும் விலைக்கும் இடைவெளி உண்டு. இது ரகசியமல்ல, மருந்து வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. குளிர்பெட்டி, இன்வெர்ட்டர், ஆள் சம்பளம் என்று நியாயமான செலவும் அதற்குள் இருக்கிறது. அதனால் மருத்துவரைச் சந்தேகத்தோடு அணுக வேண்டியதில்லை. ஆனால் "இதை அரசு மையத்தில் போட்டுக்கொண்டு மற்றதை உங்களிடம் போட்டால் ஏதாவது குறையுமா?" என்று கேட்டுப் பார்க்கலாம். குறையாது என்பதே சரியான பதில். அப்படிச் சொல்பவரிடம் தொடர்ந்து போகலாம். அரசு ஊசி தரமில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவரிடம், எந்த ஊசி, என்ன குறை என்று விளக்கம் கேட்க வேண்டும். கிளினிக்கில் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு வெப்பமானி இருக்கிறதா, தினமும் குறித்து வைக்கிறார்களா என்றும் கேட்கலாம். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து மின்வெட்டில் சூடாவதும் கெடுதல், ஐஸ்கட்டிக்கு அருகில் உறைந்துபோவதும் கெடுதல். உறைந்த நிமோகாக்கல் ஊசி பார்க்க நன்றாக இருந்தாலும் பயன் தராது.

அரசு மையத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. நிமோகாக்கல் மருந்து அங்கே பல தவணை கொண்ட குப்பியில் வருகிறது. ஒரு குழந்தைக்காக அதைத் திறந்தால் வீணாகுமே என்று, தடுப்பூசி நாளில் குழந்தைகள் சேர்ந்து வரும்போது போடவே விரும்புவார்கள். வியாழக்கிழமை போய் நின்றால் திருப்பி அனுப்பக்கூடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது அரை நாள் சம்பளம். ஆனால் மூன்று புதன்கிழமைகளின் அரை நாள் சம்பளம் 15,200 ரூபாய்க்குக் கிட்டேகூட வராது.

இரண்டு இடத்திலும் போடுகிறவர்கள் அட்டை ஒன்றே ஒன்று வைத்திருக்க வேண்டும். கிளினிக்கில் தருவது ஒரு புத்தகம், செவிலியர் தருவது இன்னொரு அட்டை என்றாகும்போதுதான் ஒரே ரோட்டாவை இருமுறை கொடுப்பதும், பூஸ்டரை இருவரும் மறப்பதும் நடக்கின்றன. எங்கே போட்டாலும் ஊசியின் பிராண்டுப் பெயர், தேதி, பேட்ச் எண் மூன்றையும் அரசு அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தைக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை என்றால், அந்த அட்டையில் பி.சி.வி. என்ற வரிக்கு எதிரே எத்தனை தேதி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். வயதுக்கேற்ற தவணை விடுபட்டிருந்தால், வரும் புதன்கிழமை உங்கள் பகுதிச் செவிலியரிடம் போய்க் கேளுங்கள். ஒரு தவணைகூட இல்லையென்றால், முதல் பிறந்தநாள் தாண்டிவிட்ட பிறகு அது இலவசமாகக் கிடைக்காது.